முதலில் வயிற்றின் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பட்டாம்பூச்சியை இரண்டு படம் எடுத்தேன். கறுப்பு இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகள். கிரிம்சன் ரோஸ் என்று குறித்துவைத்தேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இது காமன் மார்மன் பெண் என்கிறார். நான் பார்த்த காமன் மார்மன்களில் சிவப்பே கிடையாதே? படத்தை வைத்து எப்படி உறுதி செய்வது?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. பக்கவாட்டில் எடுத்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலையும் மார்பும் கறுப்பு, அவற்றில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். வயிறு முழுவதும் கறுப்பு. கிரிம்சன் ரோஸாக இருந்தால் தலை சிவப்பாக இருக்கும். வயிறு, அது மார்போடு சேரும் இடத்தை மட்டும் விட்டு, பளிச்சென்று சிவந்திருக்கும். உங்கள் படத்தில் உடலில் எங்கேயும் சிவப்பு இல்லை. அந்த ஒரு சங்கதியே போதும். இறக்கையைப் பார்த்து நீங்கள் ஏமாந்ததில் தவறில்லை. பறவைகளை ஏமாற்றத்தான் அந்த இறக்கை அப்படி அமைந்திருக்கிறது.

காமன் மார்மனைத் தமிழில் கறிவேப்பிலை அழகி என்றும் சொல்கிறோம். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளைத் தின்று வளரும் புழு இது. அந்த இலைகளில் பறவைக்குக் கெடுதல் செய்யும் நஞ்சு எதுவும் இல்லாததால், பட்டாம்பூச்சியும் பறவைக்கு நல்ல இரைதான். ரோஸ் வகைகளின் கதை வேறு. அவற்றின் புழுக்கள் ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை போன்ற கொடிகளைத் தின்கின்றன. ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு உண்டு. புழு அதைத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. இறக்கை முளைத்த பிறகும் அந்த நஞ்சு உடலில் தங்கியிருக்கிறது. ஒரு தடவை கடித்துப் பார்த்த பறவை அந்தச் சுவையை மறக்காது. கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து பறந்தால் அடுத்த முறை விலகிவிடும். அந்த நினைவின் நிழலில்தான் உங்கள் வீட்டுப் பட்டாம்பூச்சி பிழைக்கிறது.

சிவப்பே இல்லாத காமன் மார்மன்களைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதுவும் உண்மைதான். ஆண்கள் எல்லாமே கறுப்பு. பின்னிறக்கையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் மட்டும், நம் ஊரில் மூன்று தோற்றங்கள் உண்டு. ஒன்று அச்சு அசலாக ஆணைப் போலவே இருக்கும். அதற்கு சைரஸ் என்று பெயர். இரண்டாவது ஸ்டிகியஸ், இது காமன் ரோஸைப் பார்த்து வரைந்தது போல இருக்கும்: பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மூன்றாவது ரோமுலஸ், கிரிம்சன் ரோஸைப் போன்றது. உங்கள் படத்தில் இருப்பது இந்த மூன்றாவது. கிரிம்சன் ரோஸ் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ரோமுலஸ் பெண்களும் அது பறக்கும் பகுதிகளில்தான் தென்படுகின்றன. பறவைக்கு அசலைத் தெரியாத ஊரில் நகலால் பயனில்லையே.

ஒரே தாயின் பிள்ளைகளுக்குள்ளேயே இந்தத் தோற்றங்கள் கலந்து பிறக்கும். அதனால் ஆரம்பத்தில் அறிஞர்களுக்கே குழப்பம் இருந்தது. இவை வெவ்வேறு இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் பெண்கள் என்று ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் விளக்கினார். இத்தனை மாற்றத்தையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு நடத்துகிறது என்பது 2014இல்தான் வெளியானது. ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணு அது. பட்டை எங்கே, சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்பதெல்லாம் அதன் வழியே ஒரு கட்டாகக் கைமாறுவதால்தான் பாதி ரோஸ், பாதி மார்மன் என்று அரைகுறையாகப் பெண்கள் பிறப்பதில்லை. இந்த மரபணுவை ஆணும் சுமக்கிறது, ஆனால் அதன் இறக்கையில் அது வெளிப்படுவதில்லை.

எல்லாப் பெண்களுமே வேஷம் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேஷதாரிகள் பெருகினால் வேஷத்தின் மதிப்பு குறைந்துவிடும். பத்துச் சிவப்புப் பட்டாம்பூச்சியில் எட்டு ருசியாக இருந்தால் பறவை எதற்குப் பயப்பட வேண்டும்? கசக்கிற அசல்கள் தாராளமாக இருக்கிற இடத்தில்தான் நகலுக்குப் பாதுகாப்பு.

சரி, அடையாளத்துக்கு வருவோம். உடல் தெரிகிற படமாக இருந்தால் நான் வேறெங்கும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வயிறு கறுப்பாக இருந்தால் மார்மன் என்ற சூத்திரத்தை மேலிருந்து எடுத்த படத்துக்கு அப்படியே போட்டால் காமன் ரோஸில் மாட்டிக்கொள்வீர்கள். அதன் வயிறு மேல்பக்கம் கறுப்புதான். சிவப்பு இருப்பது தலையிலும், மார்பின் பக்கங்களிலும், வயிற்றின் அடியிலும் நுனியிலும். ஆகவே மேலிருந்து எடுத்த படத்தில் முதலில் தலையையும், அப்புறம் வயிற்றின் நுனியையும் பாருங்கள். இரண்டும் கறுப்பு என்றால் ஸ்டிகியஸ். ஒன்றிலாவது தெளிவான சிவப்பு தெரிந்தால் காமன் ரோஸ். கிரிம்சன் ரோஸில் இந்தச் சிக்கல் குறைவு. அதன் சிவப்பு வயிறு மேலிருந்தும் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. செம்பருத்தி, இட்லிப்பூ மாதிரி சிவப்புப் பூவில் உட்கார்ந்திருக்கும்போது பூவின் நிறம் வயிற்றின் அடியில் பட்டுத் தெறிக்கும். கைபேசி கேமராவும் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும். அசலான சிவப்பு என்றால் அதற்கு ஒரு எல்லை இருக்கும்: இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். பட்டுத் தெறித்த நிறம் மெல்ல மங்கி மறையும்.

உடலே தெரியாத படம் என்றால் இறக்கையை நம்பித்தான் ஆக வேண்டும். உங்கள் முதல் படம் அப்படிப்பட்டது. இலை மறைத்து, இறக்கைகள் மட்டும் தெரிகின்றன. ரோமுலஸின் நகல் வேலை ஸ்டிகியஸ் அளவுக்கு நேர்த்தியானது இல்லை, அது நமக்கு வசதி. கிரிம்சன் ரோஸின் முன்னிறக்கைப் பட்டைகள் சுத்தமான வெள்ளை. பின்னிறக்கையில் இரண்டு வரிசைச் சிவப்பு, உள்வரிசை புள்ளிகளாகவும் ஓர வரிசை பிறைகளாகவும் தனித்தனியே தெளிவாக இருக்கும். ரோமுலஸில் அந்த வெள்ளை புகை படிந்தது போல மங்கல். உள்வரிசைச் சிவப்பும் அளவில் ஒழுங்கில்லாமல், ஓரம் கலைந்தது போல இருக்கும். அதன் கறுப்பிலும் பட்டின் மினுமினுப்பு குறைவு. உங்கள் முதல் படத்தில் வெள்ளைப் பட்டை மங்கியே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன். வயதாகிச் செதில் உதிர்ந்த கிரிம்சன் ரோஸும் அப்படித்தான் மங்கித் தெரியும். இரண்டாவது படம் இல்லையென்றால் ‘ரோமுலஸாக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்தியிருப்பேன். அளவு உதவாது, எல்லாமே இறக்கை விரித்தால் ஏறத்தாழ 9, 10 செ.மீ. வருபவை. வாலும் உதவாது, எல்லாவற்றுக்கும் வால் உண்டு.

படத்தில் வராத ஒரு சாட்சி உங்களிடம் இருக்கிறது: கறிவேப்பிலை மரம். பூவில் தேன் குடிக்க எந்தப் பட்டாம்பூச்சியும் வரும். ஆனால் ஒரு பெண் கறிவேப்பிலைத் தளிரைத் தொட்டுத் தொட்டுப் பறந்து, வயிற்றை வளைத்து ஒற்றை முட்டை வைத்துவிட்டுப் போனால் அது மார்மன்தான். ரோஸ் அந்த மரத்தில் முட்டை வைக்காது. பறப்பதையும் கவனியுங்கள். ரோஸ் அவசரமே இல்லாமல் மிதக்கும். ரோமுலஸும் சாதாரணமாக அப்படித்தான் மிதக்கும்; கையை வீசி விரட்டினால் மட்டும் வேஷத்தை மறந்து விருட்டென்று கோணல்மாணலாகப் பாயும்.

கடைசியாக, உடலைப் பார்க்கும் இந்த வழி எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. எருக்கஞ்செடி இருக்கும் இடமெல்லாம் பறக்கிற ஆரஞ்சு நிற வெந்தய வரியனை, அதாவது பிளெயின் டைகரை, எடுத்துக்கொள்ளுங்கள். டனைட் எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண் அதைப் பார்த்து வேஷம் போடுகிறது. ஆணுக்கு அந்த ஆரஞ்சே கிடையாது. கறுப்பு இறக்கையில் நீலம் மின்னும் பெரிய வெள்ளை வட்டங்கள். இந்த ஜோடியில் பின்னிறக்கைதான் தீர்ப்புச் சொல்லும். பின்னிறக்கையின் நடுப்பகுதியைச் சுற்றி வெந்தய வரியனுக்கு மூன்று கறுப்புப் புள்ளிகள் உண்டு. ஆணுக்கு அதோடு நான்காவதாக ஒரு பெரிய புள்ளியும் சேரும். எக்ஃப்ளை பெண்ணுக்கு முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. இறக்கை விரித்திருக்கும்போது முன்னிறக்கை சரிந்து அந்த ஒற்றைப் புள்ளியையும் மூடிவிடலாம், அப்போது புள்ளியே இல்லாதது போலத் தெரியும். நடுவில் புள்ளிகள் இல்லை என்றால் இறக்கையின் வெளி ஓரத்தைப் பாருங்கள். எக்ஃப்ளையின் ஓரம் மெல்லிய அலைபோல வெட்டுப்பட்டிருக்கும், வெந்தய வரியனின் ஓரம் வழவழப்பாக ஓடும். இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தாலும் கவலையில்லை, புள்ளிகள் அடிப்பக்கத்திலும் தெரியும்.

அடுத்த முறை அந்தக் கறிவேப்பிலை மரத்தடியில் நிற்கும்போது, இறக்கை விரிந்த அழகான படம் ஒன்று கிடைத்ததும் கேமராவைக் கீழே வைத்துவிடாதீர்கள். முழங்காலை மடக்கிப் பூச்சியின் மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டில் தலையும் வயிறும் தெரிய இன்னொன்றும் எடுங்கள். மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. உங்கள் பழைய தொகுப்பில் கிரிம்சன் ரோஸ் என்று குறித்த மற்ற படங்கள் இருந்தால், அவற்றிலும் வயிற்றின் நிறத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.