பருத்தித் துணியில் கரும்புள்ளி: கேள்வி பதில்

சேலத்தில் நூல் வெளுக்கும் பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் வெகுகாலம் வேலை பார்த்த ஒருவர், மழைக்காலத்துத் துணிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஏற்காட்டிலிருந்து: ஐயா, தீபாவளிக்குக் கட்டின வெள்ளைப் பருத்தி வேட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத்தான் பீரோவில் வைத்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் மடிப்பு ஓரமெல்லாம் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி. காய்ந்த துணியில் பூசணம் எப்படி வரும்? இது போகுமா?

கைக்குக் காய்ந்த மாதிரி இருந்திருக்கும், அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த பருத்தியிலேயே சாதாரணக் காற்றில் அதன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீர் இருக்கும். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆனாலும் தொட்டால் ஈரம் தெரியாது. கொஞ்சம் சில்லென்று இருக்கும். "குளிர் ஊராச்சே" என்று விட்டுவிடுவோம்.

அப்புறம் இஸ்திரி. தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது மேல்பக்கம் காய்கிறது. ஆவியில் ஒரு பங்கு மடிப்புக்குள்ளேயே நிற்கிறது. அந்தச் சூட்டோடு மடித்து, குளிர்ந்த இரும்புப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், ஆவி உள்ளேயே ஈரமாகிவிடும். விரித்த துணியில் இருக்கிற ஈரத்தைக் காற்று கொண்டுபோகும். மடிப்பின் உள்விளிம்பில் நாலைந்து அடுக்கு சேர்ந்து அமுங்கியிருக்கும், அங்கே காற்றே போகாது. புள்ளி மடிப்பு ஓரமாகவே விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

பூஞ்சையின் வித்து எல்லாக் காற்றிலும் மிதக்கிறது, துணியில் எப்போதும் ஒட்டியிருக்கும். அதற்கு வேண்டியது ஈரமும் சாப்பாடும். ஈரத்தை மலை கொடுத்தது, சாப்பாட்டை நீங்களே போட்டிருக்கிறீர்கள். கஞ்சி என்பது மாவுச்சத்து. பூஞ்சை முதலில் அதைத் தின்னும், அது தீர்ந்தால் பருத்தி இழையிலேயே வாய் வைக்கும்.

இனி எடுக்கும் வழி. துணியை வெளியே கொண்டுபோய், காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்து எல்லாம் மற்ற துணிக்குப் போகும். அடுத்து வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்து, கஞ்சி முழுக்கப் போகும்படி துவையுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கஞ்சி மிச்சமிருந்தால் ப்ளீச்சின் சக்தி அதிலேயே செலவாகிவிடும்.

துவைத்த பிறகும் புள்ளி அப்படியேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். அந்தக் கருப்பு பூஞ்சை தனக்குள் செய்துகொண்ட நிறமி. நம் தலைமுடிக்குக் கருப்பு கொடுக்கிற மெலனின் வகைதான் அதுவும். பூஞ்சை செத்தாலும் நிறமி இழைக்குள் நிற்கும். சோப்புக்கு அது அசையாது, அதைச் சிதைத்தால்தான் போகும்.

கடையில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்ட திரவப் ப்ளீச் கிடைக்கும், பெரும்பாலும் 4, 5 சதவீதம். பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து, வேட்டி முழுதும் மூழ்கும்படி 15 நிமிடம் வையுங்கள். வேட்டியில் ஜரிகைக் கரையோ கலர் கரையோ இருந்தால் அதை வெளியே தொங்கவிட்டு, புள்ளி உள்ள இடத்தை மட்டும் நனையுங்கள். புள்ளி கருப்பிலிருந்து பழுப்புக்கு வந்து, பிறகு மங்கும். முழுக்கப் போகாவிட்டால் நன்றாக அலசிவிட்டு இன்னொரு தடவை வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், வேட்டி நைந்துவிடும். கடைசியில் ப்ளீச் வாடை அடங்கும்வரை தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் விரித்துப் போடுங்கள். மங்கலாக ஒரு நிழல் நின்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டாலே கறை போய்விடும். எதற்கு இவ்வளவு கெமிக்கல்?

உங்கள் வீட்டில் போனது துருக்கறையாக இருக்கும் அம்மா. பீரோ கம்பியிலிருந்தோ போர்வெல் தண்ணீரிலிருந்தோ வரும் இரும்புக் கறைக்கு எலுமிச்சை நல்ல மருந்து. புதிய பூசணப் புள்ளியும் வெயிலில் கொஞ்சம் மங்கும், அதனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. இழைக்குள் இறங்கின பழைய கருப்புக்கு அது போதாது.

எந்தக் கறை என்று சந்தேகமாக இருந்தால், வெள்ளைத் துணியில் காதுகுடையும் பஞ்சால் ஒரு சொட்டு நீர்த்த ப்ளீச் வைத்துச் சில நிமிடம் பாருங்கள். மங்கினால் பூசணம். மாற்றமே இல்லை என்றால் மெஷின் எண்ணெயாக இருக்கலாம். துருவாக இருந்தால் ப்ளீச்சில் போகாது, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எலுமிச்சை தேய்த்த துணியை அலசாமல் ப்ளீச்சில் போடாதீர்கள். வினிகரும் அப்படியே. குளோரின் வாயு கிளம்பும். அடைத்த குளியலறையில் அது விளையாட்டில்லை.

கொண்டலாம்பட்டியிலிருந்து: அண்ணா, என்னிடம் இருப்பது வெண்பட்டு வேட்டி. அதையும் 15 நிமிடம் ஊறவைக்கலாம்தானே?

வைக்கவே வைக்காதீர்கள் தம்பி! மேலே சொன்னது முழுக்கப் பருத்திக்கு. ஹைப்போகுளோரைட் பட்டால் பட்டு இழை கரைந்தே போகும். நிழலில் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பட்டு பார்க்கத் தெரிந்த டிரைகிளீனரிடம் கொடுங்கள்.

இளம்பிள்ளையிலிருந்து: கலர் காட்டன் சேலை என்றால் என்ன செய்வது? கருநீலம், உடம்பு முழுக்க இல்லை, முந்தானையில் மட்டும் புள்ளி.

சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்ஸிஜன் ப்ளீச் பொடியை முயற்சி செய்யலாம். முதலில் உள்மடிப்பில் ஒரு ஓரத்தில் வைத்து, அரைமணி கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் கை பொறுக்கும் சூட்டில் 5 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, முந்தானையை மட்டும் நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். இது மெதுவாகத்தான் வேலை செய்யும். கருநீலத்தில் புள்ளி முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். புள்ளி இருந்த இடத்தில் சாயத்தையே பூஞ்சை கெடுத்திருந்தால், கருப்பு போனபிறகு அங்கே வெளிறிய தடம் தெரியும்.

நாகலூரிலிருந்து: அந்துருண்டை போட்டுத்தான் வைக்கிறோம். அப்படியும் வருகிறதே?

அந்துருண்டை பூச்சிக்கு. ஈரத்தை அது உறிஞ்சாது. மழைக்காலம் முடியும்வரை கஞ்சி போடாமல் வையுங்கள். இஸ்திரி போட்ட துணியை ஒரு மணி நேரமாவது கொடியில் தொங்கவிட்டு, சூடு ஆறியபின் மடியுங்கள். பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்துவிடுங்கள். பனி மூடியிருக்கும்போது திறந்தால் ஈரம் உள்ளேதான் போகும்.

சேலம் டவுனிலிருந்து: நீங்கள் சொல்கிற மாதிரிதான் செய்தேன், பிளீச்சிங் பவுடரில். புள்ளி போனது, ஆனால் பிழியும்போது சட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. ப்ளீச்தான் தின்றதா?

நான் சொன்னது திரவம், நீங்கள் போட்டது பவுடர். கரையாத பவுடர் துணியில் உட்கார்ந்தால் அந்த இடத்தைத் தின்றுவிடும். அதைத் தனியாகக் கரைத்துத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஆனால் பூஞ்சை ஏற்கெனவே இழையை அரித்திருந்தாலும் இதே ஓட்டைதான் விழும். நனைக்கும் முன் புள்ளியின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் தெரிந்திருக்கும். அரித்த இடம் மெல்லிய சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். ஓட்டை எல்லாம் புள்ளி இருந்த இடத்தில்தானா, வேறு இடத்திலும் இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் எது என்று சொல்ல முடியும்.