பைபேக் முடித்த கையோடு போனஸ் பங்கு தரலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம், பிரைவேட் லிமிடெட். 10 ரூபாய் முகமதிப்பில் 5 லட்சம் பங்கு, எல்லாம் முழுதாகப் பணம் கட்டியது. என்னிடம் 2.5 லட்சம், மச்சானிடம் 1.5 லட்சம், பெரியப்பா மகனான அண்ணனிடம் 1 லட்சம். அண்ணன் விலகுகிறார், பங்குக்கு 30 ரூபாய் பேசியிருக்கிறோம், கம்பெனியே வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். மச்சானுக்கு அரை மனசுதான். பிரீமியம் கணக்கில் 20 லட்சம், பொதுக் காப்பு 40 லட்சம், லாப நட்டக் கணக்கில் 30 லட்சம், நிலத்தை மறுமதிப்பீடு செய்த காப்பு 60 லட்சம், பேங்க் கடன் 1.2 கோடி. மூலதனம் குறைந்தால் பேங்கில் கேட்பார்கள் என்பதால் பைபேக் முடிந்ததும் நிலத்துக் காப்பில் இருந்து போனஸ் பங்கு போட நினைக்கிறோம். பிரீமியத்தில் இருந்து கொடுப்பதால் சி.ஆர்.ஆர். தேவையில்லை என்கிறார் கணக்கர். பி.எஃப். இரண்டு மாதம் பாக்கி. இதெல்லாம் சரிவருமா?

பதில்: வணக்கம். பைபேக் சரிவரும். நிலத்துக் காப்பில் இருந்து போனஸ் நடக்காது. உங்கள் கணக்கர் சொல்வது பழைய சட்டம்.

கணக்கரிடம் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் முழுக்கத் தப்பாகவும் சொல்லவில்லை. 1956-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தில் பைபேக்கை ஃப்ரீ ரிசர்வில், அதாவது டிவிடெண்டாகத் தரக்கூடிய காப்பில், இருந்து செய்தால்தான் மூலதன மீட்புக் காப்பு, அதாவது சி.ஆர்.ஆர்., போட வேண்டும் என்று இருந்தது. 2013 சட்டத்தின் 69-வது பிரிவு அதோடு பிரீமியம் கணக்கையும் சேர்த்துவிட்டது. இந்த இரண்டில் எதில் இருந்து கொடுத்தாலும், வாங்கிய பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை சி.ஆர்.ஆருக்கு மாற்றியாக வேண்டும். உங்களுக்கு அது 10 லட்சம்.

பைபேக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற வரம்பைப் பார்ப்போம். மூலதனம் 50, பிரீமியம் 20, பொதுக் காப்பு 40, லாபம் 30, ஆக 140 லட்சம். மறுமதிப்பீட்டுக் காப்பு இதில் சேராது, அது கைக்கு வராத லாபம். 140-ல் 25 சதவீதம் 35 லட்சம், நீங்கள் கொடுக்கப்போவது 30 லட்சம், சரி. ஒரே நிதியாண்டில் மூலதனத்தின் கால் பங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்பதற்கும் 1.25 லட்சம் பங்கு வரை இடமிருக்கிறது. பைபேக் முடிந்தபின் கடன், மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. அப்போது அந்தத் தொகை 100 லட்சமாக இருக்கும் (கீழே பதிவுகளைப் பார்த்தால் புரியும்), கடன் 120 லட்சம்தான், பிரச்சினையில்லை. ஆனால் பேங்க் கடன் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். பங்கு திரும்ப வாங்க முன்அனுமதி வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்.

இப்போது பதிவுகள்.

பங்கு மூலதனம் பற்று 10,00,000
பைபேக் பிரீமியம் பற்று 20,00,000
பங்குதாரர் கணக்கு வரவு 30,00,000

அந்த 20 லட்சத்தை எதில் கழிப்பது? உங்களிடம் பிரீமியம் கணக்கில் சரியாக அதே தொகை இருக்கிறது.

பிரீமியம் கணக்கு பற்று 20,00,000
பைபேக் பிரீமியம் வரவு 20,00,000

அப்புறம்தான் கணக்கர் விட்டுவிடச் சொன்ன பதிவு.

பொதுக் காப்பு பற்று 10,00,000
சி.ஆர்.ஆர். வரவு 10,00,000

கடைசியாகப் பணம் போகும்போது பங்குதாரர் கணக்கைப் பற்று வைத்து பேங்க்கை வரவு வையுங்கள், 30 லட்சம். இது வழக்கமான நடப்புக் கணக்கில் இருந்து போகக்கூடாது. ஆஃபர் முடிந்ததும் தனியாக ஒரு பேங்க் கணக்கு திறந்து முழுத் தொகையையும் அதில் போட்டு, அதில் இருந்துதான் தர வேண்டும்.

இப்போது மூலதனம் 40, பொதுக் காப்பு 30, லாபம் 30, சி.ஆர்.ஆர். 10. பிரீமியத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஃப்ரீ ரிசர்வ் 90-ல் இருந்து 60 ஆகியிருக்கிறது. 30 லட்சம் குறைந்ததில் 20 அண்ணனோடு போய்விட்டது, 10 உள்ளேயே இருக்கிறது, ஆனால் பூட்டு போட்டு. அதை டிவிடெண்டாக எடுக்க முடியாது. கடன் கொடுத்தவருக்கு அரணாக இருந்த மூலதனம் 10 லட்சம் குறைந்ததே, அந்த இடத்தில் நிற்பதுதான் இந்த சி.ஆர்.ஆர்.

போனஸுக்கு வருவோம். 63-வது பிரிவு மறுமதிப்பீட்டுக் காப்பில் இருந்து போனஸ் தரக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. சி.ஆர்.ஆரை முழுப்பணம் கட்டிய போனஸ் பங்குக்குப் பயன்படுத்தலாம். 4-க்கு 1 என்று போட்டால் 1 லட்சம் பங்கு, சரியாக 10 லட்சம். சி.ஆர்.ஆர். பற்று, பங்குதாரருக்கான போனஸ் வரவு. பிறகு அந்த போனஸ் கணக்கு பற்று, பங்கு மூலதனம் வரவு. மூலதனம் மறுபடி 50 லட்சம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 50 லட்சமாகவே இருந்தாலும் இடம் போதும், ரத்தான பங்குகள் விட்ட இடம் அது.

பைபேக் முடித்து ஆறு மாதத்துக்கு அதே வகைப் பங்கைப் புதிதாக வெளியிடக்கூடாது என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்த விதி உண்மைதான், ஆனால் போனஸ் பங்குக்கு 68(8)-லேயே விலக்கு இருக்கிறது. உங்களைத் தடுக்கப்போவது அந்த இரண்டு மாத பி.எஃப். பாக்கி. ஊழியருக்கான சட்டபூர்வப் பாக்கி இருந்தால் போனஸ் கிடையாது. பைபேக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. அங்கே பார்ப்பது டெபாசிட், கடன் தவணை, வட்டி நிலுவை, அப்புறம் ஆண்டறிக்கையும் கணக்கும் தாக்கலாகியிருக்கிறதா என்பது. அதனால் பைபேக் சுமுகமாக முடிந்து போனஸில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். முதலில் சலானைக் கட்டுங்கள்.

பேங்க் மேனேஜர் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மூலதன வரி 50 என்று காட்டும், ஆனால் நிலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் நிகர மதிப்பு 140-ல் இருந்து 110 ஆகிவிட்டது, போனஸ் போட்டாலும் அது 110-தான். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர் அதைத்தான் பார்ப்பார்.

வரி அண்ணனின் தலைவலி. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகான பைபேக்கில் கம்பெனி கட்டிவந்த வரி போய், சுமை விற்பவர் பக்கம் வந்துவிட்டது. 30 ரூபாய் விலையை முடிவு செய்யும் முன் அவர் தன் ஆடிட்டரிடம், பணம் கைக்கு வரும் தேதிக்கு எந்த விதி என்று கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக மச்சான். 30 லட்சம், 140-ல் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் போர்டு தீர்மானம் போதாது, பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நீங்களும் அண்ணனும் சேர்ந்தால் 70, மச்சான் 30. அவர் வராமல் இருந்தால் தீர்மானம் தேறும், எதிர்த்து ஓட்டுப் போட்டால் விழுந்துவிடும். ஆஃபரும் மூவருக்கும் விகிதப்படி போக வேண்டும், அண்ணனுக்கு மட்டும் அனுப்ப முடியாது. நீங்களும் மச்சானும் பங்கு தராமல் ஒதுங்கினால்தான் அண்ணனின் 1 லட்சமும் முழுதாக ஏற்கப்படும். மச்சான் அரை மனசாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இன்று உங்களுக்கு 50 சதவீதம், பைபேக்குக்குப் பிறகு 62.5, போனஸ் வந்தாலும் அதே 62.5. சாதாரணத் தீர்மானம் எதையும் அவரைக் கேட்காமலே நீங்கள் நிறைவேற்றலாம். பத்திரம் தயாரிக்கும் முன் அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.