பேச்சை விழுங்கும் பின்னணி இசை: கேள்வி பதில்

குளச்சல்: அண்ணே, முட்டத்துல ஒரு வயசான மீனவரைப் பேட்டி எடுத்தேன். Audacity சாஃப்ட்வேர்ல Auto Duck போட்டா இசை இறங்குது, பேச்சு நின்ன பிறகும் ஏறவே மாட்டேங்குது.

அலைதான் காரணம். பேச்சு வரும்போது இசையைத் தானாகக் குறைக்கும் Auto Duck-க்கு, பேச்சு எது, அலை எது என்று தெரியாது. கீழே இருக்கும் ட்ராக்கில் சத்தம் Threshold அளவைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்க்கும். அதில் முதலிலேயே இருக்கும் அளவு -30 டெசிபல். முட்டத்து அலை அதைச் சுலபமாகத் தாண்டும். Threshold-ஐ -22 ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் பெரியவர் தணிந்து சொல்லும் வார்த்தைகளும் அப்போது தப்பிவிடும்.

நான் செய்வது வேறு. பேச்சு ட்ராக்கை இன்னொரு நகல் எடுங்கள். நகலில் அவர் பேசாத இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+L அழுத்தி மௌனமாக்குங்கள். இசை ட்ராக்குக்கு நேர் கீழே அந்த நகலை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து Auto Duck போடுங்கள். முடிந்ததும் நகலை அழித்துவிடலாம். அசல் பேச்சு, அலையோடு அப்படியே இருக்கும்.

அப்புறம் Maximum pause, பேச்சு எவ்வளவு நேரம் நின்றால் இசை ஏறலாம் என்ற அளவு. அது 1 விநாடியில் இருக்கும். பெரியவர் யோசித்து நிறுத்துகிற போதெல்லாம் இசை தலை தூக்கும். 3 வையுங்கள்.

மார்த்தாண்டம்: எத்தனை டெசிபல் குறைக்கணும்? ஒரே நம்பரா சொல்லுங்க.

பேச்சைவிட இசை 20 டெசிபல் கீழே. இணைய அணுகல் விதியான WCAG சொல்வதும் அதுதான். ஆனால் Duck amount -12 என்றால் இசை இருந்த இடத்திலிருந்து 12 இறங்கும், பேச்சுக்குக் கீழே 12 என்று அர்த்தமில்லை. இரண்டும் சம சத்தத்தில் இருந்தால் -20 போடுங்கள். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஃபேன் ஓடும் அறையில் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள்.

தக்கலை: நாதஸ்வரத்தை எடுத்துட்டு வீணை போட்டா குறைக்கவே வேண்டாமே?

பாதி சரி. நாதஸ்வரத்தின் கூர்மை 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை வலுவாக இருக்கும். ச், ட் போன்ற மெய்கள் தெளிவதும் அங்கேதான். அந்தப் பகுதியை ஈக்வலைசரில் கொஞ்சம் வெட்டினால் உதவும். வீணையையும் குறைக்கத்தான் வேண்டும்.

சுசீந்திரம்: கோயில் வீடியோவுல நாதஸ்வரத்தை வெட்டினா அது நாதஸ்வரமாவே இருக்காது. ஆள் பேசுறதை வேற இடத்துக்கு நகர்த்துங்க.

ஊர்வலக் காட்சிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் தேர் நகரும்போதே பேசியதை எங்கே நகர்த்துவது?

சுசீந்திரம்: அப்ப எழுத்தா போடுங்க.

எழுத்து வாசிக்காத என் பாட்டிதான் இந்த வீடியோவெல்லாம் பார்ப்பது.

திருவட்டாறு: எத்தனை டெசிபல் அண்ணே?

மேலே மார்த்தாண்டத்துக்குச் சொன்னது. ஹெட்போன் வேண்டாம்.

இரணியல்: எங்க கோயில் கொடையில மைக் ஊளையிடுது, இசையைக் குறைச்சா நிக்குமா?

நிற்காது. அது என் வேலையும் இல்லை. மைக் செட்காரரிடம் சொல்லி, ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.