டைரக்ட் மேப்டு கேஷ்: முகவரியை எங்கே வெட்டுவது? (கேள்வி பதில்)

கேள்வி (மூன்றாமாண்டு மாணவி): அக்கா, முகவரி 32 பிட், கேஷ் 16 கிலோபைட், பிளாக் 16 பைட், டைரக்ட் மேப்டு. டேக், இண்டெக்ஸ், ஆஃப்செட் எத்தனை பிட்? ஃபார்முலா மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வருகிறது.

பதில்: ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு, முகவரியின் வலது கோடியிலிருந்து ஆரம்பிம்மா. ஒரு பிளாக்குக்குள் 16 பைட் இருக்கிறது. அதில் எந்த பைட் வேண்டும் என்று சொல்ல 4 பிட் போதும், அது ஆஃப்செட். அடுத்து, கேஷில் எத்தனை பிளாக் அடங்கும் என்று பார். 16 கிலோபைட் என்றால் 16384 பைட். 16 ஆல் வகுத்தால் 1024. ஆயிரத்து இருபத்து நான்கு இடங்களில் ஒன்றைக் காட்ட 10 பிட் வேண்டும், அது இண்டெக்ஸ். 32 பிட்டில் இந்த 14 போக மிஞ்சும் 18 தான் டேக். டேக்கைத் தனியாகக் கணக்கிட முயலவே வேண்டாம், எப்போதும் மிச்சம்தான் டேக்.

விடை மாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 16 கிலோபைட்டைப் பார்த்ததும் 14 பிட் என்று எடுத்து, அதை அப்படியே இண்டெக்ஸ் என்று எழுதிவிடுவார்கள். அந்த 14, இண்டெக்ஸும் ஆஃப்செட்டும் சேர்ந்த கணக்கு. இதையே சரிபார்க்கவும் பயன்படுத்தலாம்: பிளாக்கை 16 பைட்டிலிருந்து 64 பைட் ஆக்கினால் ஆஃப்செட் 6, இண்டெக்ஸ் 8 என்று மாறும், ஆனால் கூட்டுத்தொகை 14 ஆகவே நிற்கும். நிற்கவில்லை என்றால் எங்கோ தவறு. முகவரியின் நீளம் டேக்கை மட்டும்தான் தொடும். 36 பிட் முகவரி என்றால் டேக் 22, மற்ற இரண்டும் அசையாது.

கேள்வி (பாலிடெக்னிக் ஆசிரியர்): இதே கேஷுக்கு `0x1234ABCD` என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து `D` ஆஃப்செட், `ABC` இண்டெக்ஸ், `1234` டேக். ஹெக்ஸில் பார்த்தவுடன் சொல்லிவிடலாமே, பைனரி எதற்கு?

பதில்: ஆஃப்செட் சரி சார். `D` சரியாக 4 பிட். இண்டெக்ஸில்தான் இடறுகிறது. மூன்று ஹெக்ஸ் எழுத்து என்றால் 12 பிட், நமக்கு வேண்டியதோ 10. `ABC` என்பது 2748. கேஷில் லைன்கள், அதாவது பிளாக் உட்காரும் இடங்கள், 0 முதல் 1023 வரைதான். 2748 என்ற லைனே கிடையாது. இப்படி எல்லை தாண்டிய எண் வந்தால் வெட்டிய இடம் தவறு என்று உடனே தெரிந்துவிடும். சிறிய எண்ணாக வந்துவிட்டால்தான் ஆபத்து, தவறு வெளியே தெரியாது.

வெட்டு `A` என்ற எழுத்தின் நடுவே விழுகிறது. விரித்து எழுதினால்:

```
0001 0010 0011 0100 10 | 10 1011 1100 | 1101
        டேக் (18)         இண்டெக்ஸ் (10)  ஆஃப்செட் (4)
```

`A` என்பது `1010`. அதன் முதல் இரண்டு பிட் டேக்கோடு போகிறது, பின் இரண்டு இண்டெக்ஸோடு வருகிறது. ஆக இண்டெக்ஸ் `0x2BC`, அதாவது 700. டேக் `0x48D2`. ஆஃப்செட் 13. வகுப்பில் நிரலாகக் காட்டுவதானால் மூன்றே வரி:

```c
offset = addr & 0xF;
index  = (addr >> 4) & 0x3FF;
tag    = addr >> 14;
```

உங்கள் குறுக்குவழி பொருந்தும் கேஷ் ஒன்று உண்டு: பிளாக் அதே 16 பைட், கேஷ் 64 கிலோபைட். அப்போது லைன்கள் 4096, இண்டெக்ஸ் 12 பிட், வெட்டுகள் ஹெக்ஸ் எழுத்துகளின் எல்லையிலேயே விழும். பல எடுத்துக்காட்டுகள் அப்படி வசதியாக அமைவதால் அது பொதுவிதி போலத் தோன்றிவிடுகிறது. மாணவர்களுக்கு முதல் கணக்காக எல்லையில் விழாததையே கொடுங்கள் என்பேன்.

அதே ஆசிரியர்: ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வன்பொருளில் டேக்காக முழு முகவரியையும் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காதே?

பதில்: வேலை செய்யும் சார், தவறில்லை. ஆனால் 700ஆம் லைனில் இருக்கும் எந்த பிளாக்குக்கும் இண்டெக்ஸ் 700 தான்; அதை மறுபடி எழுதி வைத்து ஒப்பிடுவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஆஃப்செட்டும் அப்படியே, பிளாக் முழுதாகத்தான் வருகிறது. 14 பிட் வீதம் 1024 லைனுக்கு வீண்.

கேள்வி (மென்பொருள் ஊழியர்): இண்டெக்ஸை ஏன் நடுவிலிருந்து எடுக்கிறார்கள்? இடது கோடி 10 பிட்டை இண்டெக்ஸாகவும் நடுவில் உள்ளதை டேக்காகவும் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: விடை எதுவும் பிழையாகாது, டேக் ஒப்பீடு காப்பாற்றிவிடும். வேகம்தான் போகும். இடது 10 பிட்டை இண்டெக்ஸாக வைத்தால், அடுத்தடுத்த 4 மெகாபைட் முகவரிகள் முழுவதும் ஒரே லைனுக்குப் போட்டியிடும். ஒரு நிரல் பெரும்பாலும் அக்கம்பக்கத்து முகவரிகளைத்தான் தொடுகிறது. பேருந்தில் எல்லோரையும் ஒரே இருக்கை எண்ணுக்குப் பதிவுசெய்துவிட்டு மற்ற இருக்கைகளைக் காலியாக ஓட்டுவது போல் ஆகிவிடும். ஆஃப்செட்டுக்கு அடுத்தே இண்டெக்ஸை எடுத்தால், பக்கத்து பிளாக் பக்கத்து லைனில் உட்காரும்; தொடர்ச்சியான 16 கிலோபைட் ஒன்றையொன்று தள்ளாமல் அப்படியே அடங்கும்.

கேள்வி (வீட்டில் எஃப்பிஜிஏ வைத்துப் பழகுபவர்): என் சிறிய ப்ராசஸரில் இதே அளவு டேட்டா கேஷ் வைத்திருக்கிறேன். தலா 4096 `int` கொண்ட இரண்டு அரேயைப் பெருக்கிக் கூட்டுகிறேன். மிஸ் எண்ணும் கவுன்டர் 8192ஐத் தாண்டுகிறது. கேஷ் பழுதா?

```c
for (i = 0; i < 4096; i++)
    sum += a[i] * b[i];
```

`a` இருப்பது `0x20000`, `b` இருப்பது `0x24000`.

பதில்: பழுதாகத் தெரியவில்லை தம்பி. நீங்கள் கொடுத்த இரண்டு முகவரிகளையும் வெட்டிப் பாருங்கள். `a[0]` இன் இண்டெக்ஸ் 0, டேக் 8. `b[0]` இன் இண்டெக்ஸும் 0, டேக் 9. இரண்டுக்கும் இடைவெளி `0x4000`, அதாவது சரியாக 16 கிலோபைட், கேஷின் அளவு. அதனால் ஒவ்வொரு `i`க்கும் `a[i]`யும் `b[i]`யும் ஒரே லைனில்தான் விழும். `a[0]` உள்ளே வரும், `b[0]` வந்து அதை வெளியே தள்ளும், `a[1]` வேண்டும் என்று போனால் அந்த பிளாக் அங்கே இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு மிஸ், 4096 சுற்றுக்கு 8192. கேஷில் மற்ற 1023 லைன் இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது. டைரக்ட் மேப்டில் ஒரு பிளாக்குக்கு ஒரே இடம்தான், வேறு இடம் தேட வழியில்லை.

`b`ஐ 16 பைட் தள்ளி `0x24010` இல் வையுங்கள். இப்போது `b[0]` இன் இண்டெக்ஸ் 1. `a` அந்த லைனுக்கு வந்து சேரும்போது `b` தன் நான்கு எண்களையும் கொடுத்து முடித்து அடுத்த லைனுக்குப் போயிருக்கும். ஒரு பிளாக்கில் நான்கு `int`, ஆகவே ஒவ்வொரு அரேக்கும் 1024 மிஸ், மொத்தம் 2048. கேஷின் அளவைக் கூட்டாமலே நாலில் ஒரு பங்காகக் குறையும்.

அதே நபர்: வைத்தேன். குறைந்தது, நன்றி. ஆனால் 2048க்கு மேல் நூற்றுச் சில்லறை அதிகமாக நிற்கிறது.

பதில்: ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் `i`யும் `sum`மும் ஸ்டாக்கில் இருக்கும். அவை உட்காரும் லைனை அரேக்கள் கடக்கும் சில சுற்றுகளில் அவையும் மோதும். ஆனால் அதனால் சில பத்து மிஸ் கூடலாம், நூற்றுச் சில்லறைக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். டைமர் இன்டரப்ட் ஓடுகிறதா? அதை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். டிஸ்அசெம்ப்ளியைப் பார்க்காமல் இங்கிருந்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: என் லேப்டாப்பில் எல்1 டேட்டா கேஷ் 32 கிலோபைட், லைன் 64 பைட். 512 லைன், அதனால் இண்டெக்ஸ் 9 பிட். லினக்ஸில் பார்த்தால் `index0` என்று காட்டுகிறது. 0 பிட்டா?

பதில்: அந்த `index0` வெறும் ஃபோல்டர் பெயர், கேஷ்களுக்கு இட்ட வரிசை எண். இண்டெக்ஸ் பிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளே போய் இதைப் பாருங்கள்:

```
cd /sys/devices/system/cpu/cpu0/cache/index0
cat ways_of_associativity number_of_sets
```

முதல் எண் 8, இரண்டாவது 64 என்று வந்தால், உங்களுடையது டைரக்ட் மேப்டு அல்ல. எட்டு லைன்கள் ஒரு செட்டாகச் சேர்ந்திருக்கின்றன. இண்டெக்ஸ் காட்டுவது செட்டை, லைனை அல்ல. எனவே 6 பிட். 9 பிட் என்ற உங்கள் கணக்கு டைரக்ட் மேப்டாக இருந்தால் சரியாகியிருக்கும்.

கேள்வி (முதுகலை மாணவர்): நிஜமாகவே டைரக்ட் மேப்டாக வந்த ப்ராசஸர் உண்டா, இல்லை பாடத்துக்காக மட்டுமா?

பதில்: உண்டு. டிஜிட்டல் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த ஆல்ஃபா 21064 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா கேஷ் 8 கிலோபைட், லைன் 32 பைட், டைரக்ட் மேப்டு. ஆஃப்செட் 5, லைன்கள் 256, இண்டெக்ஸ் 8. பிசிக்கல் முகவரி 34 பிட், ஆகவே டேக் 21.

இதில் எனக்கு மிகப் பிடித்தது 5ம் 8ம் சேர்ந்து வரும் அந்த 13. ஆல்ஃபாவின் பேஜ் அளவும் 8 கிலோபைட், அதாவது அதே 13 பிட். விர்ச்சுவல் முகவரி பிசிக்கலாக மாறும்போது பேஜுக்குள் இருக்கும் அந்த 13 பிட் மாறுவதே இல்லை. எனவே மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திராமல் இண்டெக்ஸை வைத்து லைனை எடுத்துவிடலாம். டேக் ஒப்பிடும் நேரத்துக்குள் பிசிக்கல் முகவரி வந்து சேர்ந்தால் போதும். கேஷை 16 கிலோபைட் ஆக்கியிருந்தால் இண்டெக்ஸின் ஒரு பிட் பேஜ் எல்லையைத் தாண்டியிருக்கும், இந்த வசதி போயிருக்கும்.

கேள்வி (கேட் தேர்வுக்குப் படிப்பவர்): முதல் கேள்வியின் கேஷுக்கு மொத்தம் எத்தனை பிட் நினைவகம் வேண்டும்? நண்பன் 146 × 1024 என்கிறான், நான் 147 × 1024 என்கிறேன்.

பதில்: 16 கிலோபைட் என்பது டேட்டாவை மட்டும்தான் குறிக்கும். ஒரு லைனுக்கு டேட்டா 128 பிட், டேக் 18. இதோடு நிறுத்தினால் 146. லைனில் உள்ளது செல்லுமா என்று சொல்லும் வேலிட் பிட்டைச் சேர்த்தால் 147. மொத்தம் 150528 பிட், அதாவது 18816 பைட். வேலிட் பிட் இல்லாமல், கரண்ட் வந்தவுடன் லைனில் கிடக்கும் குப்பையும் டேக் தற்செயலாகப் பொருந்தினால் டேட்டாவாகிவிடும் என்பதால் நான் உங்கள் பக்கம். ரைட் பேக் என்று கேள்வியில் இருந்தால் டர்ட்டி பிட்டும் சேர்ந்து 148.

ஆனால் "டேக் நினைவகம் எவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டு, இந்தப் பிட்கள் சேருமா என்று சொல்லாத கேள்விகளும் வருகின்றன. அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. முதலில் விருப்பத் தேர்வுகளைப் பாருங்கள். இரண்டு விடையும் இருந்தால் கேள்வியில் எந்தப் பிட்டின் பெயர் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சேருங்கள்.