ஆண்டறிக்கையில் எதை முதலில் சொல்வது?

"சென்னையில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். பிப்ரவரியில் ஆண்டு விழா. பெற்றோர் முன் 15 நிமிடம் சாதனைகளையும் அடுத்த ஆண்டுத் திட்டங்களையும் சொல்ல வேண்டும். எப்படி வரிசைப்படுத்துவது?"

வரவேற்புக்கு ஒரு நிமிடம், தேர்வு முடிவுக்கு 4, போட்டிகளுக்கு 2, குறைகளுக்கு 2, அடுத்த ஆண்டுக்கு 5, நன்றிக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்ளுங்கள். வேஷம் கட்டிய பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் காத்திருப்பார்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் யார் காதிலும் விழாது.

பலர் தடுமாறுவது தேர்வு முடிவில். பிப்ரவரியில் உங்கள் கையில் இருப்பது சென்ற மே மாதம் வந்த பத்தாம் வகுப்பு முடிவு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் அரங்கில் இருக்க மாட்டார்கள். வந்திருப்பவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் வகுப்பு எப்படிப் படிக்கிறது என்பதே கேள்வி. எனவே பொதுத்தேர்வு முடிவை ஒரு நிமிடத்தில் முடித்து, மீதி மூன்றை ஆறு முதல் பத்து வரையிலான அரையாண்டுத் தேர்வுக்குக் கொடுங்கள்.

சதவீதத்தை மட்டும் சொல்லாதீர்கள். முந்தைய ஆண்டு 40 பேர் எழுதி 38 பேர் தேர்ச்சி என்றால் 95 சதவீதம். சென்ற ஆண்டு 48 பேர் எழுதி 45 பேர் தேர்ச்சி என்றால் 93.75. கேட்பவர்களுக்குப் பள்ளி சரிந்ததாகத் தோன்றும். உண்மையில் கூடுதலாகத் தவறியது ஒரே ஒரு பிள்ளை. "48 பேரில் 45 பேர் தேர்ச்சி. மூவரும் கணிதத்தில் தவறினார்கள்" என்று ஆள் கணக்கில் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்; பாடத்தின் பெயர் போதும்.

போட்டிப் பரிசுகளில் மாவட்ட அளவிலானவற்றை மட்டும் வாசியுங்கள். மற்றவை அச்சிட்ட தாளில் இருக்கட்டும். எல்லாப் பெயரையும் வாசிக்கத் தொடங்கினால் விட்டுப்போன ஒரு பெயருக்காக மறுநாள் காலை ஒரு பெற்றோர் வாசலில் நிற்பார்.

அடுத்த ஆண்டுத் திட்டம் நீங்கள் சொன்ன குறையிலிருந்தே பிறக்க வேண்டும். கணிதத்தில் மூவர் தவறினார்கள் என்றால், "ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 4.45 வரை ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணிதச் சிறப்பு வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டத்தில் பலனைச் சொல்வோம்." இதோடு பொறுப்பாசிரியரின் பெயரையும் சேருங்கள்; நாள், நேரம், பொறுப்பாசிரியர், பலனைப் பார்க்கும் சமயம் எல்லாம் வந்துவிட வேண்டும். "கல்வித்தரத்தை மேம்படுத்துவோம்" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

பணம் கையில் இல்லாத வேலையைத் தனியே பிரியுங்கள். புதிய கழிப்பறைக்கு மனு மட்டும் கொடுத்திருந்தால் "கேட்டிருக்கிறோம்" என்றே சொல்லுங்கள். "கட்டப்படும்" என்று சொல்லிவிட்டால் அடுத்த பிப்ரவரியில் முதல் கேள்வி அதுதான். அடுத்த ஆண்டுக்கு மொத்தம் மூன்று திட்டங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் கடிகாரம் வைத்து வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். 15 நிமிடத்தை மீறினால் வெட்ட வேண்டியது போட்டிப் பகுதி, குறைகளை அல்ல.