ஆட்டுக்கல்லும் மின்விசிறியும்

அன்புள்ள சார்,

கோவையில் அனிமேஷன் படிக்கிறேன். இறுதியாண்டுக்கு நாலு நிமிடக் குறும்படம் செய்கிறேன். பாட்டி ஆட்டுக்கல்லில் மாவாட்டும் காட்சியிலிருந்து, சென்னையில் பேத்தியின் அறையில் சுற்றும் மின்விசிறிக்கு, ஒத்த உருவங்களை அடுத்தடுத்த ஷாட்டில் ஒட்டும் மேட்ச் கட் வைத்திருக்கிறேன். வளையலிலிருந்து நிலாவுக்கு ஒன்று, கோலத்திலிருந்து ரவுண்டானாவுக்கு ஒன்று. பார்த்த நண்பர்கள் யாருமே இவற்றைக் கவனிக்கவில்லை. கட்டுக்குப் பதில் மார்ஃபிங் செய்துவிடலாமா? அதற்கு எந்த மென்பொருள் நல்லது?
க.

அன்புள்ள க.,

மென்பொருள் விஷயத்தை உங்கள் வகுப்பில் யாரிடமாவது கேளுங்கள். மார்ஃபிங் வேண்டாம். குழவி நெளிந்து விசிறியாக மாறினால் ‘இதுதான் அதுவாக ஆயிற்று’ என்று படம் சொல்லும். உங்கள் பாட்டி விசிறியாக ஆகவில்லையே. கட்டோ இரண்டு பொருளையும் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளும், மிச்சத்தைப் பார்ப்பவர் செய்துகொள்வார்.

வளையல், நிலா, கோலம், ரவுண்டானா, எல்லாம் வட்டம், சரி. உலகத்தில் பாதிப் பொருள் வட்டம்தான். வட்டத்துக்கு வட்டம் ஒட்டுவதை ஒரு கண்டுபிடிப்பாக நினைக்கும் பழக்கம் உங்கள் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு உண்மையாகவே எரிச்சலாக இருக்கிறது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் குனியோ காடோவின் ‘லா மேசோன் ஆன் பெத்தி கியூப்’ (2008) பாருங்கள், 12 நிமிடம்தான், வசனமே கிடையாது. கடல் ஏற ஏற வீட்டின் மேல் வீடு கட்டிக்கொண்டே போகும் கிழவர், கீழே விழுந்த தன் புகைக்குழாயைத் தேடி, மூழ்கிக் கிடக்கும் பழைய தளங்களுக்குள் இறங்குகிறார். குழாய் கைக்கு வரும்போது மனைவி நினைவுக்கு வருகிறாள். அந்த நினைவில் பொருளும் அதுதான், வீடும் அதுதான், தண்ணீர் மட்டும் இல்லை. ஒன்றைத் தவிர எல்லாம் பொருந்தினால்தான் அந்த ஒன்று உறைக்கும். ஆக அடியில் அவர் ஒரு ஒயின் கோப்பையைக் கண்டெடுக்கிறார். கடைசியில் மேலே தனியாக உட்கார்ந்து இரண்டு கோப்பையில் ஊற்றி முட்டிக்கொள்கிறார். அது கட் இல்லை. காட்சிகள் தள்ளி வரும் எதுகை. முதல் தடவை கோப்பை நம் மனதில் தங்கும்படி காட்டியிருப்பதால்தான் இரண்டாவது தடவை வேலை செய்கிறது.

உங்கள் ஆட்டுக்கல்லிலும் விஷயம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? நீங்கள் உருவத்தைப் பொருத்திவிட்டு அசைவை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். குழவி நிதானமாகச் சுற்றும். விசிறியோ முழு வேகத்தில் வெறும் மங்கல் வட்டம். கண் ஒன்றைப் பின்தொடர்ந்து வரும்போது அடுத்த ஷாட்டில் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே திசையில் தொடர ஏதாவது இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மின்வெட்டு நாட்களில் படுத்தபடி விசிறி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மங்கல் மெல்ல விலகி மூன்று இறக்கை தனித்தனியாகத் தெரியும், அப்புறம் அவற்றை எண்ண முடியும், அப்புறம் வியர்க்கும். உங்களுக்கு வேண்டியது அந்த நடு நொடி. பேத்தியின் அறையில் கரண்ட் போகட்டும். விசிறி வேகம் குறைந்து குழவியின் வேகத்துக்கு வந்த இடத்தில் ஷாட்டைத் தொடங்குங்கள்.

கணக்கு இப்படி. குழவி ஒரு சுற்றுக்கு 36 ஃபிரேம் என்று வையுங்கள், அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஒன்றரை நொடி. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் வைத்தால் 18 படம், படத்துக்கு 20 டிகிரி. கடைசிப் படத்தில் குழவியைப் பிடித்த கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, விசிறியின் ஒரு இறக்கை அதற்கு அடுத்த 20 டிகிரியில் தொடங்க வேண்டும். அங்கிருந்து 18, 16 என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்துங்கள். மூன்று இறக்கையும் ஒரே மாதிரி இருந்தால் கண்ணுக்கு எதைப் பிடிப்பதென்று தெரியாது. ஒன்றில் மட்டும் தூசிக்கறை போடுங்கள்.

திசையும் முக்கியம். நம் வீட்டு விசிறிகள் கீழிருந்து பார்த்தால் பெரும்பாலும் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். பாட்டி திரையில் வலஞ்சுழியாக ஆட்டினால் ஷாட் மாறும் இடத்தில் அசைவு அறுந்துபோகும். பாட்டியையும் இடஞ்சுழியாக ஆட்ட வையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆட்டுக்கல் சாய்கோணத்தில் நீள்வட்டமாகத் தெரிகிறதா? கட்டுக்கு முன்பே கேமராவை நேர் மேலே கொண்டுபோங்கள். விசிறியை நேர் கீழிருந்து காட்டுங்கள். கல்லின் நடுக்குழியும் விசிறியின் மையமும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். கடைசிப் படத்தையும் முதல் படத்தையும் ஆனியன் ஸ்கின்னில் ஒன்றன்மேல் ஒன்று போட்டாலே தெரிந்துவிடும். ஆனால் அதில் வேகம் தெரியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நண்பர்களுக்கு மறுபடி காட்டும்போது கட் இருப்பதை முன்கூட்டிச் சொல்லிவைக்காதீர்கள்.

நிலாவையும் ரவுண்டானாவையும் தூக்கிவிடுங்கள். அதில் மிச்சமாகும் நொடிகளைப் பாட்டிக்குக் கொடுங்கள், அவர் ஆட்டுவதைக் குறைந்தது மூன்று சுற்றாவது முழுசாகப் பார்க்கவேண்டும் எனக்கு.