கணிதத்தில் 61 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ரேங்க் கார்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் பருவம், இரண்டாம் பருவம் இரண்டும் அதில் இருக்கின்றன. மொழிப்பாடம் 84, 82. கணிதம் 88, 61. அறிவியல் 79, 66. சமூக அறிவியல் 77, 68. ரேங்க் 7-லிருந்து 16 ஆகிவிட்டது. வகுப்பில் மொத்தம் 38 பிள்ளைகள். வகுப்பு ஆசிரியை "கவனக்குறைவு. கூடுதல் முயற்சி தேவை" என்று எழுதியிருக்கிறார். நேற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வகுப்புச் சராசரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கணிதத்தில் முதல் பருவச் சராசரி 72, இந்தப் பருவம் 58. வகுப்பே சேர்ந்து 14 மதிப்பெண் இறங்கியிருக்கிறது. பாடம் கடினமாகியிருக்கலாம், வினாத்தாள் கடினமாக இருந்திருக்கலாம், திருத்தியவர் கறாராகத் திருத்தியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் உங்கள் மகள் இழந்த 27 மதிப்பெண்ணில் பாதிக்கு அவள் பொறுப்பில்லை. முன்பு சராசரியைவிட 16 மேலே இருந்தாள், இப்போது 3 மேலே இருக்கிறாள். மீதமுள்ள 13-ஐப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இதே கணக்கை மற்ற பாடங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். அறிவியலில் சராசரி 74-லிருந்து 70 ஆனது. அவள் 5 மேலே இருந்தவள், 4 கீழே வந்திருக்கிறாள். சமூக அறிவியலில் சராசரி 72, 71. அங்கே 5 மேலே இருந்தவள், 3 கீழே. மொழிப்பாடத்தில் இரண்டு பருவமும் சராசரி 75, அவள் 9 மேலே இருந்து 7 மேலே வந்திருக்கிறாள். இந்த 2 மதிப்பெண்ணை விட்டுவிடலாம். அதே பிள்ளை அதே பாடத்தில் வேறொரு நாள் வேறொரு தாள் எழுதினாலே இரண்டு மூன்று கூடும், குறையும். ஆனால் 13, 9, 8 என்று மூன்று பாடங்கள் ஒரே திசையில் போயிருப்பதை அப்படித் தள்ளிவிட முடியாது.

ரேங்கைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். எந்த வகுப்பிலும் நடுவில்தான் கூட்டம். அங்கே நாலைந்து மதிப்பெண் வித்தியாசத்தில் பல பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். கூட்டுத்தொகையில் அவள் வகுப்புச் சராசரிக்கு 35 மேலே இருந்து 3 மேலே வந்திருக்கிறாள், 16 என்ற எண் அதைத்தான் காட்டுகிறது. புதிதாக எதையும் சொல்லவில்லை.

சரி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் இறங்கி, மொழிப்பாடம் மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? என்னுடைய ஊகம் இது: மொழிப்பாடத் தேர்வில் பெரும்பகுதி வகுப்பில் நடத்திய பாடத்திலிருந்தே வரும். செய்யுள், சொற்பொருள், இலக்கணம், ஏற்கெனவே எழுதிப் பார்த்த கட்டுரை. நன்றாகப் படிக்கிற, மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அதில் மதிப்பெண் குறையாது. மற்ற மூன்றிலும் இந்த வயதில் ஒரு மாற்றம் வருகிறது. அதுவரை பார்க்காத நாலு வரியைப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். முதல் சில வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கக் கற்கிறார்கள். ஒன்பது பத்து வயதையொட்டி, படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும் என்ற நிலை வருகிறது. சரளமாக வாய்விட்டு வாசிக்கிற பிள்ளைகூட இந்த இடத்தில் தடுமாறலாம். வாசிப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

இது ஊகம்தான். கார்டை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்ல முடியாது. உறுதிப்படுத்த விடைத்தாள் வேண்டும். பள்ளியில் கேளுங்கள். கையில் தராவிட்டாலும் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். கணித விடைத்தாளில் மதிப்பெண் போன இடங்களை மட்டும் எடுத்து, நேரடிக் கணக்கு எத்தனை, வாக்கியமாக வரும் கணக்கு எத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெருக்கல், வகுத்தல், பின்னக் கூட்டல் ஆகியவற்றில் போயிருந்தால் என் ஊகம் தப்பு. அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியதுதான். வாக்கியக் கணக்குகளில் போயிருந்தால் அடுத்த வேலைக்கு வாருங்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 'சிவப்புப் பெட்டியில் 24 பென்சில்கள் உள்ளன. இது நீலப் பெட்டியில் உள்ளதைவிட 6 அதிகம். இரண்டு பெட்டிகளிலும் சேர்த்து எத்தனை பென்சில்கள்?' நிறையப் பிள்ளைகள் 24-உடன் 6-ஐக் கூட்டி நீலப் பெட்டிக்கு 30 என்று எழுதி, மொத்தம் 54 என்று முடிப்பார்கள். கூட்டலில் ஒரு பிழையும் இருக்காது. 'அதிகம்' என்று பார்த்ததும் கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 'இது' என்பது சிவப்புப் பெட்டியைக் குறிக்கிறது, ஆகவே நீலத்தில் குறைவாக, 18 தான் இருக்கும், மொத்தம் 42 என்பதற்கு அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். திருத்துகிறவருக்கு 54 என்ற விடைதான் தெரியும். கூட்டல் நன்றாகத் தெரிந்த பிள்ளை இப்படி எழுதியிருக்கிறதே என்று பார்த்துவிட்டு 'கவனக்குறைவு' என்று எழுதிவிடுவார். நாற்பது தாள் திருத்துகிறவரை அதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை கவனமாகத்தான் இருந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1970-களில் உருவாக்கியது. தப்பாகப் போட்ட கணக்கையே பிள்ளையிடம் திரும்பக் கொடுத்து ஐந்து விஷயங்களை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலில், கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, எப்படிப் போடப் போகிறாய் என்று கேளுங்கள். நான்காவது, போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, விடையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளை எந்தப் படியில் முதலில் சறுக்குகிறதோ அதுதான் பிரச்சினை இருக்கும் இடம். அதற்குப் பிறகு வருகிற தப்பெல்லாம் அதன் விளைவு.

பென்சில் கணக்கில் உங்கள் மகள் தடையில்லாமல் படித்துவிட்டு, "நீலப் பெட்டியில 6 அதிகமா இருக்கு" என்று சொன்னால் சறுக்கல் இரண்டாவது படி. வாசிக்கத் தெரிகிறது, வாக்கியம் பிடிபடவில்லை. "நீலத்துல 6 கம்மி" என்று சரியாகச் சொல்லிவிட்டு, "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று உங்கள் முகத்தைப் பார்த்தால் மூன்றாவது படி. படிக்கும்போதே 'உள்ளதைவிட' என்பதை விழுங்கிவிட்டு 'உள்ளது' என்று போனால் முதல் படி. இன்னொன்றும் நடக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே, இந்த முறை சரியாகப் போட்டுவிடலாம். அப்படியென்றால் தேர்வில் அவசரப்பட்டிருக்கிறாள் அல்லது நேரம் போதவில்லை, ஆசிரியை எழுதியது சரி. ஒரே கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு கணக்கில் ஒரே படியில் திரும்பத் திரும்ப நின்றால் நம்பலாம்.

இதில் கெட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அம்மா அப்பா வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை! பிள்ளை படிக்கும்போதே 'இது' என்ற சொல்லை அழுத்திச் சொல்வார்கள், "நல்லாப் பாரு" என்பார்கள், தப்பாகச் சொன்னதும் புருவத்தைத் தூக்குவார்கள். பிள்ளைகள் கணக்கைவிட நம் முகத்தை வேகமாகப் படிப்பவர்கள். உடனே மாற்றிச் சொல்லிவிடுவார்கள், உங்களுக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஐந்து படியும் முடியும்வரை சரியா தப்பா என்று சொல்லாமல் குறித்துக்கொண்டே வாருங்கள். கற்றுக்கொடுப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படியில் சறுக்கல் என்று தெரிந்தால், கூடுதல் முயற்சி என்று நினைத்து நாளுக்கு முப்பது கணக்கு போட வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த கூட்டலையும் கழித்தலையும்தான் அவள் முப்பது தடவை செய்வாள். அதற்குப் பதில் இரண்டு மூன்று கணக்கு போதும். எண்களைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: எந்தப் பெட்டியில் அதிகம், எதில் குறைவு, எது தெரியும், எது தெரியாது. பிறகு ஒரு தாளில் இரண்டு பட்டைகள் வரையட்டும், நீளமானது சிவப்பு, குட்டையானது நீலம். அந்தப் படம் சரியாக வந்துவிட்டால் கூட்டுவதா கழிப்பதா என்ற கேள்வியே எழாது. அறிவியலிலும் இதையே செய்யலாம். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, என்ன சொல்லியிருக்கிறது என்று உங்களுக்கு விளக்கட்டும். புத்தகத்தில் உள்ள வாக்கியம் அப்படியே வந்தால் நிறுத்தி, வேறு வார்த்தையில் கேளுங்கள்.

இதோடு கண் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தொடங்குகிறது. கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளைகள் சொல்வது குறைவு, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். வருகைப்பதிவில் 62 நாளில் 58 இருக்கிறது, அதில் குறையில்லை. அந்த நாலு நாளும் தொடர்ச்சியாக விடுப்பு எடுத்ததா என்று மட்டும் பாருங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கிய வாரமாக இருந்தால் நாலு நாளே போதும்.

ஆசிரியையைப் பார்க்கும்போது "எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டால் "நன்றாகப் படிக்கிறாள், கொஞ்சம் கவனம் வேண்டும்" என்ற பதில்தான் கிடைக்கும். விடைத்தாளில் இரண்டு கணக்கைக் காட்டி, "வகுப்பில் இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டால் என்ன செய்கிறாள்? கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டினால் போட்டுவிடுகிறாளா?" என்று கேளுங்கள். வாசித்துக் காட்டினால் போடுகிறாள், தானாகப் படித்தால் போடவில்லை என்றால், அது ஆசிரியைக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

அடுத்த பருவக் கார்டு வரும்போது சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாள் என்பதை மட்டும் நான்கு பாடத்துக்கும் எழுதிப் பாருங்கள். 61 என்பது 70 ஆகாமலே நிலைமை சீராகியிருக்கலாம், 75 ஆகியும் சீராகாமல் இருக்கலாம். அந்த இடைவெளி மூன்று பாடங்களிலும் இன்னும் கீழே போய், வாய்விட்டுப் படிக்கும்போதும் எழுத்துகளில் திணறுகிறாள் என்றால், வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். கற்றல் குறைபாடுகளைக் கண்டறியும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது இரண்டு கார்டுகளையும் விடைத்தாளையும் நீங்கள் எடுத்த குறிப்புகளையும் கொண்டுபோங்கள்.